ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு வரும் என்டிஏ: எது ரகசியம், எத்தனை நாளைக்கு?

புது கிளையன்ட்டின் வேலை உறுதியான கையோடு இரண்டு பக்க பிடிஎஃபாக ஒரு என்டிஏ, அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தம், வந்து சேரும். "ஸ்டாண்டர்ட் என்டிஏதான், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, உடனே பிரீஃப் அனுப்பிடறோம்" என்று மெயிலில் ஒரு வரி இருக்கும். பலரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வேலையை போர்ட்ஃபோலியோவில் போடலாமா, அதே துறையில் இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்யலாமா என்ற கேள்வி எழும் நாளில்தான் அந்த பிடிஎஃபைத் தேடுகிறார்கள்.

என்டிஏவில் ஒரு டிசைனர் நிதானமாகப் படிக்க வேண்டியவை இரண்டு. எதையெல்லாம் ரகசியம் என்று சொல்கிறார்கள் என்பது ஒன்று. அந்தக் கட்டுப்பாடு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பது இன்னொன்று. மற்ற பிரிவுகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியே நிற்கின்றன. இந்தியச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒப்பந்தத்தை வைத்து, ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

## உதாரணம்

கோவையில் தனியாக வேலை செய்யும் ஒரு பேக்கேஜிங் டிசைனர். ஒரு உணவு கம்பெனி புது மசாலா வரிசை ஒன்றைக் கொண்டுவருகிறது. ஆறு வகைக்கு லேபிள், புது வடிவத்தில் ஒரு ஜாடி, வெளிப்பெட்டி ஆகியவை இவருடைய வேலை. 2025 ஜூன் 10 அன்று என்டிஏவில் கையெழுத்திடுகிறார். அக்டோபர் 10 அன்று இறுதி ஃபைல்களைக் கொடுத்துவிடுகிறார். 2026 ஜனவரியில் ஜாடி கடைக்கு வருகிறது.

ஒப்பந்தத்தில் உள்ள முக்கிய வரிகளின் சாரம் இது:

- கம்பெனி வாய்மொழியாகவோ எழுத்திலோ எந்த வடிவிலும் தரும் எல்லாத் தகவல்களும், அவற்றைக் கொண்டு டிசைனர் உருவாக்கும் அனைத்தும் ரகசியத் தகவல்.
- ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து 2 ஆண்டுகள் நடப்பில் இருக்கும். ரகசியம் காக்கும் கடமை ஒப்பந்தம் முடிந்த பின்பும் 5 ஆண்டுகள் தொடரும்.
- ஒப்பந்தக் காலத்திலும் அதன்பின் 2 ஆண்டுகளும் உணவுத் துறையில் வேறு எந்த நிறுவனத்துக்கும் டிசைனர் வேலை செய்யக் கூடாது.
- மீறினால் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

இதில் எதுவும் அபூர்வமானதல்ல. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளிலிருந்து எடுத்து ஒட்டிய என்டிஏக்கள் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

## முதல் படி: கம்பெனி எதைக் காக்க நினைக்கிறது என்று கேளுங்கள்

ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கு முன் ஒரு போன் செய்து இதைக் கேட்டுவிடுவது நல்லது. பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பேச்சுவார்த்தை முடிந்தது.

இந்த உதாரணத்தில் கம்பெனிக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. ஜாடியின் புது வடிவத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்ய நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பொதுவெளியில் வெளியாகிவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. வெளியானது இந்தியாவிலா வெளிநாட்டிலா என்ற வித்தியாசமும் கிடையாது. நீங்கள் ஆர்வத்தில் ஒரு 3டி ரெண்டரை இன்ஸ்டாகிராமில் போட்டால் அவர்களுடைய பதிவுக்கே சிக்கல் வரலாம். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் விண்ணப்பம் போட்டு, பொருளும் சந்தைக்கு வந்துவிட்டால் அது தீர்ந்துவிடும். இதற்கு ஏழு ஆண்டுகள் தேவையில்லை.

போட்டியாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமோ என்ற கவலையும் பொருள் வெளியாகும் நாளோடு முடிகிறது. மசாலாவின் கலவை விகிதம், கொள்முதல் விலை போன்றவை அப்படியல்ல. பல ஆண்டுகள் கழித்து வெளியே போனாலும் கம்பெனிக்கு நஷ்டம்தான். ஆகவே ஒரே ஒப்பந்தத்துக்குள் வெவ்வேறு ஆயுள் கொண்ட ரகசியங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தை வைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

## இரண்டாம் படி: வரையறையைச் சுருக்குங்கள்

'கான்ஃபிடென்ஷியல் இன்ஃபர்மேஷன்' என்ற தலைப்பின் கீழ் வரும் பத்திதான் என்டிஏவின் எல்லைக்கோடு. நம் உதாரணத்தில் அது எல்லாத் தகவல்களையும் உள்ளே இழுத்துவிட்டது. கம்பெனியின் லோகோ, முகவரி, ஏற்கெனவே கடையில் விற்கும் பொருட்களின் படங்கள்கூட அந்த வரியின்படி ரகசியம்தான்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது விலக்குகள். ஏற்கெனவே பொதுவில் இருப்பது, உங்கள் தவறு இல்லாமல் பின்னர் பொதுவில் வருவது, கம்பெனி சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்ல உரிமையுள்ள வேறொருவரிடமிருந்து கிடைத்தது, அவர்களுடைய தகவலைத் தொடாமல் நீங்களே உருவாக்கியது ஆகியவை ரகசியத்தில் சேராது என்று எழுதியிருக்க வேண்டும். இவை உலகம் முழுக்க என்டிஏக்களில் இருக்கும் வழக்கமான விலக்குகள். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: ஜனவரியில் ஊர் முழுக்கக் கடைகளில் நிற்கும் ஜாடியின் படத்தை, அதை வடிவமைத்த நீங்கள் மட்டும் காட்டக் கூடாது என்றாகிவிடும்.

இரண்டாவதாக, 'டிசைனர் உருவாக்கும் அனைத்தும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். இதற்குள் உங்கள் கிரிட் முறை, ஃபோட்டோஷாப் ஆக்‌ஷன்கள், நீங்கள் காலம்காலமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்சர்கள், மாக்கப் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. "டிசைனரின் பொதுவான திறமை, அனுபவம், வேலைமுறை, இந்த வேலைக்கு முன்பே அவரிடம் இருந்த கருவிகள், ஃபைல்கள் ஆகியவை இதில் அடங்கா" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கிளையன்ட்டுக்கு வேலை செய்யும்போது இந்த வரிதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது, வாய்ப்பேச்சு. மீட்டிங்கில் பேசியது, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் சொன்னது எல்லாம் ரகசியம் என்றால், எது ரகசியமாகச் சொல்லப்பட்டது என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது. வாய்மொழியாகச் சொன்னதை 15 நாளுக்குள் மெயிலில் எழுதி உறுதி செய்தால்தான் ரகசியம் என்று கேட்கலாம். சில கம்பெனிகள் ஒப்புக்கொள்ளாது. அப்படியானால் ஒவ்வொரு மீட்டிங்குக்குப் பிறகும் பேசியதன் சுருக்கத்தை நீங்களே மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்குத் தேவையில்லாத தகவலை வாங்காதீர்கள். லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பட்டியல் எப்படியும் பொதுவில் வரப்போகிறது. ஆனால் எத்தனை சதவீதம் மல்லி, எத்தனை சதவீதம் மிளகு என்ற எக்செல் ஷீட் லேபிள் வேலைக்குத் தேவையே இல்லை. வழக்கமாக யாரோ ஒருவர் மொத்த ஃபோல்டரையும் ஷேர் செய்துவிடுவார். "இது எனக்கு வேண்டாம், ஆக்சஸை எடுத்துவிடுங்கள்" என்று உடனே மெயில் போடுங்கள். பின்னாளில் அந்த விகிதம் எங்காவது கசிந்தால், சந்தேகப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

## மூன்றாம் படி: யாரிடம் காட்டலாம்

ரகசியத்தை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தால், சிவகாசி பிரஸ்ஸுக்கு டை-லைன் அனுப்புவதே மீறல். இலஸ்ட்ரேஷனுக்கு ஒரு நண்பரை வைத்துக்கொண்டாலும் மீறல். "இந்த வேலைக்குத் தேவையான அளவில் அச்சகத்துக்கும், டிசைனர் நியமிக்கும் உதவியாளர்களுக்கும் காட்டலாம்" என்ற அனுமதி வேண்டும். பதிலுக்கு, அவர்களும் ரகசியம் காப்பார்கள் என்ற பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ஆகவே உதவியாளரிடம் அதே நிபந்தனைகளோடு ஒரு மெயிலாவது வாங்கி வையுங்கள். அச்சகத்தைக் கம்பெனியே தேர்ந்தெடுத்தால், அந்த அச்சகத்தின் பொறுப்பு உங்களுடையதல்ல என்றும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கம்பெனியின் ஆளுக்குப் பழைய ப்ரூஃபைக் காட்டும் அச்சகங்கள் உண்டு. அதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது.

## நான்காம் படி: இரண்டு கடிகாரங்களையும் பிரித்துப் பாருங்கள்

காலம் என்று வரும்போது என்டிஏவில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. 'டர்ம்' என்பது ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலம். தகவல் பரிமாறப்படும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். 'சர்வைவல்' என்பது ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய காலம். பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம்தானே" என்று கையெழுத்திடுகிறார்கள்.

நம் உதாரணத்தை நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். 2025 ஜூன் 10 கையெழுத்து. டர்ம் 2 ஆண்டுகள் என்றால் 2027 ஜூன் 9 வரை. அதன்பின் 5 ஆண்டுகள் என்றால் 2032 ஜூன் 9 வரை. நான்கு மாத வேலைக்கு ஏழு ஆண்டு மௌனம்.

இதே எண்களை வேறு விதமாகவும் எழுதுவார்கள். "ஒவ்வொரு தகவலும் தரப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகள்" என்று இருந்தால், ஜூன் 12 அன்று வந்த பிரீஃபுக்கு 2028 ஜூன் 11 வரை கடமை. செப்டம்பர் 20 அன்று வந்த விலைப் பட்டியலுக்கு 2028 செப்டம்பர் 19 வரை. கணக்கு வைப்பது சிரமம், ஆனால் மொத்தத்தில் காலம் குறைவு. "வேலை முடிந்த நாளிலிருந்து" என்று இருந்தால் அந்த நாள் எது என்று கேளுங்கள். இறுதி ஃபைல் கொடுத்த நாளா, கடைசிப் பணம் வந்த நாளா? பணம் வந்த நாள் என்றால், கம்பெனி பணம் தரத் தாமதித்தால் உங்கள் கடிகாரம் தொடங்கவே தொடங்காது. இறுதி ஃபைல் ஒப்படைத்த நாள் என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டர்முக்கு முடிவே இல்லை, அதற்குப் பிறகு எண்ண வேண்டிய 5 ஆண்டுகள் தொடங்குவதும் இல்லை. முடிவுத் தேதியே எழுதாத ஒப்பந்தமும் இதே நிலையில்தான் உங்களை வைக்கும்.

நான் பரிந்துரைப்பது இப்படி. டர்ம் இறுதி ஃபைல் ஒப்படைக்கும் நாளோடு முடியட்டும். வெளியீட்டுக்கு முந்தைய டிசைன்கள் பொருள் சந்தைக்கு வரும் நாள் வரை ரகசியம். விலை, திட்டம், விற்பனைக் கணக்கு போன்ற வணிகத் தகவல்கள் டர்ம் முடிந்து 2 அல்லது 3 ஆண்டுகள் வரை. கலவை விகிதம் போன்ற தொழில் ரகசியம், அது ரகசியமாக இருக்கும் வரை. கடைசி வகைக்குக் கால வரம்பு கேட்டுச் சண்டை போடாதீர்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது உங்கள் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

## ஐந்தாம் படி: காலத்துக்குள் ஒளிந்திருக்கும் தொழில் தடை

உணவுத் துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற பிரிவு ரகசியம் காப்பதைப் பற்றியதே அல்ல. அது தொழில் தடை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடரும் தடை செல்லாது என்பதை 2006-இல் பெர்செப்ட் டி'மார்க் எதிர் ஜாகீர் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தம் பற்றிய வழக்கு அது.

இதைக் கேட்டுவிட்டு, "செல்லாதாமே, கையெழுத்துப் போட்டுடலாம்" என்று நிம்மதி அடைகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடையை நீதிமன்றங்கள் வேறு விதமாகப் பார்க்கின்றன, அது செல்லுபடியாகலாம். நம் உதாரணத்தில் வேலை அக்டோபரில் முடிந்தாலும் டர்ம் 2027 ஜூன் வரை ஓடுகிறது. ஆக, அந்தக் காலம் முழுவதும் வேறு மசாலா கம்பெனி வேலையை எடுத்தால் வழக்குப் போட அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. டர்மை இறுதி ஃபைல் நாளோடு முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிவையே நீக்கச் சொல்வதுதான் சரி. மறுத்தால், வேலை நடக்கும் மாதங்களில் மட்டும், மசாலாப் பொருட்களில் மட்டும் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். 'உணவுத் துறை' என்ற சொல்லுக்குள் ஊறுகாய் முதல் ஓட்டல் மெனு கார்டு வரை எல்லாம் அடங்கிவிடும்.

## ஆறாம் படி: போர்ட்ஃபோலியோவைத் தனியாக எழுதுங்கள்

பொதுவில் வந்தது ரகசியமல்ல என்ற விலக்கு இருந்தால் ஜாடியின் படத்தைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். இரண்டு இடங்களில் அது போதாது.

முதலாவது, பொதுவில் வந்தது இறுதி டிசைன் மட்டுமே. பிஹான்ஸில் ஒரு நல்ல கேஸ் ஸ்டடி என்றால் ஆரம்ப ஸ்கெட்ச், நிராகரித்த மூன்று ஆப்ஷன், கிளையன்ட் சொன்ன பிரச்சினை, யாருக்காக இந்தப் பொருள் என்ற ஆய்வு எல்லாம் இருக்கும். இவை எதுவும் கடைக்கு வரவில்லை. நிராகரித்த ஜாடி வடிவத்தைக் கம்பெனி அடுத்த ஆண்டு வேறு பொருளுக்கு எடுத்து வைத்திருக்கலாம். ஆகவே இறுதி வடிவத்துக்கு ஒரு அனுமதி, செய்முறையைக் காட்டத் தனி அனுமதி என்று பிரித்துக் கேளுங்கள்.

இரண்டாவது, பதிப்புரிமை. என்டிஏ காலம் முடிந்தாலும், பதிப்புரிமையை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் படத்தைப் பிரதி எடுத்துப் போட உங்களுக்கு அனுமதி தேவை. அதேபோல், உரிமை உங்களிடமே இருந்தாலும் என்டிஏ நடப்பில் இருக்கும்வரை காட்ட முடியாது. இரண்டும் தனித்தனிக் கதவுகள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்திலேயே, "டிசைனர் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமையை வைத்துக்கொள்கிறார்" என்று சேர்த்துவிடுங்கள். சில என்டிஏக்களில் உரிமை மாற்றத்தையும் நடுவில் ஒரு பத்தியாகச் செருகியிருப்பார்கள். அதை வெளியே எடுத்து, பணம் பேசும் ஒப்பந்தத்தில் வைக்கச் சொல்வது நல்லது.

'சந்தைக்கு வந்த நாள்' எது என்பதிலும் தகராறு வரலாம். திருப்பூரில் மட்டும் நான்கு கடைகளில் சோதனை விற்பனைக்கு வைத்திருந்தால்? யாரோ டீலர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பரப்பியிருந்தால்? கம்பெனி தன் இணையதளத்திலோ சமூக ஊடகப் பக்கத்திலோ வெளியிடும் நாள், அல்லது கடையில் பொது விற்பனை தொடங்கும் நாள், எது முந்தியதோ அது என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. வெளியீடே நடக்காமல் திட்டம் கைவிடப்படுவதும் உண்டு. அதற்காக, "எப்படியும் இறுதி ஃபைல் ஒப்படைத்து 18 மாதம் ஆனபின்" என்ற பின்வரம்பு ஒன்று வேண்டும்.

## ஏழாம் படி: 10 லட்சம்

ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி, மீறலுக்கென்று எழுதிய தொகை ஒரு உச்ச வரம்பு. அந்த எல்லைக்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். இழப்பே இல்லாத இடத்தில் முழுத் தொகையும் தானாகக் கிடைத்துவிடாது என்பதை 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனாலும் உங்கள் கட்டணம் 80,000 ரூபாயாக இருக்கும்போது 10 லட்சத்தை எழுத்தில் ஏற்பது தேவையற்ற அச்சத்தைத் தலைமேல் வைத்துக்கொள்வது. தொகையை நீக்கச் சொல்லுங்கள், இல்லையேல் வேலையின் மொத்தக் கட்டணத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். நடைமுறையில் முதலில் வருவது பதிவை நீக்கச் சொல்லும் வக்கீல் நோட்டீஸ்தான். வந்தால் அன்றைக்கே பதிவை மறைத்துவிட்டு, வக்கீலைப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லா ஃபைல்களையும் அழிக்க வேண்டும் என்ற பிரிவும் இருக்கும். பில், மெயில்கள், இறுதி ஃபைலின் ஒரு பிரதி ஆகியவற்றைக் கணக்குக்காகவும் தகராறு வந்தால் காட்டவும் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கிளவுட் பேக்கப்பில் தானாகச் சேர்ந்த பிரதிகளையும் அதில் குறிப்பிடுங்கள்.

## எட்டாம் படி: மெயில்

திருத்தங்களைப் பணிவாக, ஒரே மெயிலில் அனுப்புங்கள். மாதிரி இது:

> வணக்கம் சார்,
> என்டிஏ படித்தேன். ரகசியம் காப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஐந்து மாற்றங்கள் மட்டும் வேண்டுகிறேன்.
> 1. பொதுவில் உள்ளவை, எனக்கு முன்பே தெரிந்தவை, நான் தனியாக உருவாக்கியவை ரகசியத் தகவலில் சேராது.
> 2. ஒப்பந்தக் காலம் இறுதி ஃபைல் ஒப்படைக்கும் நாளோடு முடியும். வணிகத் தகவல்களுக்கு அதிலிருந்து 3 ஆண்டுகள் ரகசியம் காப்பேன்.
> 3. பொருள் பொது விற்பனைக்கு வந்த 30 நாளுக்குப் பின், அல்லது இறுதி ஃபைல் கொடுத்த 18 மாதத்துக்குப் பின், இறுதி டிசைனை என் போர்ட்ஃபோலியோவில் காட்டுவேன். ஸ்கெட்ச், நிராகரித்த ஆப்ஷன்களை உங்கள் எழுத்துபூர்வ அனுமதி பெற்றே காட்டுவேன்.
> 4. மற்ற கம்பெனிகளுக்கு வேலை செய்வது பற்றிய பிரிவை நீக்கிவிடலாம். உங்கள் தகவலை அங்கே பயன்படுத்த மாட்டேன் என்பது என்டிஏவிலேயே இருக்கிறது.
> 5. இழப்பீட்டுத் தொகை என் மொத்தக் கட்டணத்தைத் தாண்டாது.
> திருத்திய பிரதி வந்ததும் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.

பேச்சுவார்த்தையில் எல்லாம் கிடைக்காது. விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் ஐந்தாவதை முதலில் விடுங்கள், அங்கே சட்டம் ஓரளவு உங்களைக் காக்கிறது. இரண்டாவதில் 3 ஆண்டு 5 ஆண்டானாலும் பெரிய பாதிப்பில்லை. முதலாவதையும், ஒப்பந்தக் காலம் எந்த நாளில் முடிகிறது என்பதையும் விடவே கூடாது. போர்ட்ஃபோலியோவுக்கு ஒரேயடியாக மறுத்தால், அந்த வேலையால் அடுத்த கிளையன்ட் கிடைக்கும் வாய்ப்பை நீங்கள் இழக்கிறீர்கள். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்பது முற்றிலும் முறையானது. அதற்கும் இணங்கவில்லை என்றால், பெயரும் லோகோவும் இல்லாமல், பாஸ்வேர்ட் போட்ட பக்கத்தில் நேரடியாகக் கேட்கும் கிளையன்ட்டுக்கு மட்டும் காட்ட அனுமதி கேளுங்கள். பல கம்பெனிகள் இதற்காவது சம்மதிக்கும்.